நான் எழுதி அவர் அனுப்பிய கடிதம்

தீபாவளி முடிந்த வாரத்தில் அந்த நூற்பாலையின் பராமரிப்பு மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, நீங்கள் காட்டிய பிரசன்டேஷன் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாற்பத்தொரு ஸ்லைடை எம்.டி. பார்க்க மாட்டார். நான் அப்படியே மேலே அனுப்புகிற மாதிரி பத்து வரி எழுதிக் கொடுங்கள்" என்றார். பத்து வரிதானே என்று அன்று மாலையே எழுதி அனுப்பிவிட்டேன். பதினொரு நாள் எந்தப் பதிலும் இல்லை.

நாங்கள் கோவையில் ஒரு சிறிய நிறுவனம். ஆலைகளில் அழுத்தக் காற்று எங்கெங்கே கசிகிறது என்று மீயொலிக் கருவியால் கண்டுபிடித்து, அடையாளச் சீட்டு கட்டி, சரிசெய்து தருவது எங்கள் வேலை. நூற்பாலையில் காற்று பல இடங்களுக்குப் போகிறது. அதில் பெரும்பங்கு, நூலைக் கூம்புகளில் சுற்றும் ஆட்டோகோனர் இயந்திரத்துக்கு. அறுந்த நூலின் இரு முனைகளையும் முடிச்சில்லாமல் பிணைப்பது அந்தக் காற்றுதான். குழாய் இணைப்பிலும் ரப்பர் ஹோஸிலும் வால்விலும் அது ஓயாமல் கசிந்துகொண்டிருக்கும். இயந்திரச் சத்தத்தில் யார் காதிலும் விழாது, தண்ணீர் மாதிரி தரையையும் நனைக்காது. கம்ப்ரெசருக்குப் போகும் மின்சாரத்தில் ஒரு பகுதி யாருக்கும் தெரியாமல் காற்றோடு போய்விடும்.

இப்படிப்பட்ட பொருளை விற்கும்போது வாங்கும் நிறுவனத்துக்குள் நமக்காகப் பேச ஒருவர் வேண்டும். இங்கே அந்த ஒருவர் பராமரிப்பு மேலாளர். காசோலையில் கையெழுத்திடுபவர் எம்.டி. நடுவே கணக்குப் பிரிவுத் தலைவரும் உற்பத்தி மேலாளரும் இருக்கிறார்கள். இந்த மூவரையும் நான் பார்த்ததே இல்லை, பார்க்கும் வாய்ப்பும் அப்போது இல்லை. அவர்கள் மேசைக்குப் போகப்போவது அந்தப் பத்து வரி மட்டுமே.

நான் முதலில் எழுதியது இது. ஆங்கிலத்தில் எழுதியதை இங்கே தமிழில் தருகிறேன்.

"உங்கள் ஆலையில் அழுத்தக் காற்றில் 32 சதவீதம் வீணாகிறது. இதனால் ஆண்டுக்கு 11.4 லட்சம் ரூபாய் இழப்பு. எங்கள் நவீன மீயொலித் தொழில்நுட்பத்தின் மூலம் 35 சதவீதம் வரை மின்சேமிப்பு சாத்தியம். கசிவுச் சீரமைப்பு, காற்றழுத்தக் குறைப்பு, தொடர் கண்காணிப்பு என அனைத்தையும் ஒரே கூரையின் கீழ் வழங்குகிறோம். விவரங்களுக்கு இணைப்பிலுள்ள பிரசன்டேஷனைப் பார்க்கவும்."

அனுப்பிய அன்று இதில் ஒரு குறையும் என் கண்ணில் படவில்லை. சுருக்கமாக இருக்கிறது, எண் இருக்கிறது, தொகை இருக்கிறது என்று திருப்தியாகவே இருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவன் ஆலைக்குள் எட்டிப் பார்த்தேன். கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்த மேலாளர் கைப்பேசியைத் திறந்து என் குறிப்பைக் காட்டி, "இதை நான் எப்படி அனுப்புவது, நீங்களே சொல்லுங்கள்" என்றார். எனக்கு விளங்கவில்லை. முதல் வரியின் மேல் விரலை வைத்தார். "காற்று 32 சதவீதம் வீணாகிறது. சரி. இந்த ஆலையில் காற்றுக் குழாய்க்கு யார் பொறுப்பு?"

அவர்தான் பொறுப்பு. பதினெட்டு வருடமாக அவர்தான்.

அந்தக் குறிப்பை அனுப்பினால் எம்.டி. கேட்கும் முதல் கேள்வி "இவ்வளவு நாளாக நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்பதாகத்தான் இருக்கும். தன் மீதான குற்றப்பத்திரிகையைத் தானே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். பதினொரு நாளாக அது அவர் கைப்பேசியிலேயே கிடந்ததில் வியப்பில்லை. பிரசன்டேஷனில் அதே 32 சதவீதம் சிவப்பு எழுத்தில் ஒரு முழு ஸ்லைடை நிறைத்து நின்றபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே அதைச் சொன்னவன் நான். மின்னஞ்சலில் அதைச் சொல்வது அவர். சொல்லும் வாய் மாறியதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் குறிப்பு எழுதும்போது படிக்கப்போகிறவரை மட்டுமே நினைக்கிறார்கள் என்பது என் எண்ணம். அனுப்பப்போகிறவரை யாரும் நினைப்பதில்லை. அவர் வெறும் தபால்காரர் அல்லர். குறிப்புக்குக் கீழே அவர் பெயர் இருக்கும், நாளைக்கு அது பொய்த்தால் அவர் வார்த்தைதான் பொய்க்கும்.

அன்று அங்கேயே உட்கார்ந்து வரிவரியாகப் பேசினோம். கசிவை மறைக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நடந்ததை முழுதாகச் சொல்ல வேண்டும் என்றார். நடந்தது இதுதான்: கம்ப்ரெசர் மின்செலவு ஏறுவதைக் கவனித்து அளக்க வேண்டும் என்று எங்களைக் கூப்பிட்டவரே அவர். தீபாவளி விடுமுறையில் வீட்டுக்குப் போகாமல் தன் ஆட்களோடு நின்று அளந்தவரும் அவர். இரண்டு ஆண்டுகளில் புதிதாக ஆட்டோகோனர்கள் சேர்ந்ததால் குழாய் இணைப்புகளின் எண்ணிக்கை கூடியிருந்தது. இவ்வளவும் உண்மை. என் குறிப்பில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

எண்ணின் கதை இதைவிடச் சங்கடமானது. கசிவை அளக்கும் முறை எளியது. ஆலை முழுவதும் நின்றிருக்கும்போது இயந்திரங்களுக்குப் போகும் வால்வுகளைத் திறந்தே வைத்து ஒரு கம்ப்ரெசரை மட்டும் ஓட்ட வேண்டும். யாரும் காற்றைப் பயன்படுத்தவில்லை என்பதால் குழாய் நிறைந்ததும் கம்ப்ரெசர் காற்றை அழுத்தாமல் சும்மா சுற்றும் நிலைக்கு, அதாவது அன்லோடுக்குப் போகும். கசிவினால் அழுத்தம் இறங்கியதும் மறுபடி காற்றை அழுத்தும் நிலைக்கு, அதாவது லோடுக்கு வரும். ஸ்டாப்வாட்சைப் பிடித்து இரண்டு நேரங்களையும் குறிக்க வேண்டும். தீபாவளி விடுமுறையில் அளந்தபோது பத்துச் சுற்றின் சராசரியாக லோடில் 48 விநாடியும் அன்லோடில் 102 விநாடியும் வந்தன. மொத்தம் 150 விநாடியில் 48 என்றால் 32 சதவீதம். அந்தக் கம்ப்ரெசரால் தர முடிந்த காற்றில் அந்தப் பங்கு வெறும் கசிவுக்கே போகிறது. ஆலையின் மொத்தக் காற்றில் 32 சதவீதம் அல்ல, ஒரு கம்ப்ரெசரின் கொள்ளளவில் 32 சதவீதம். ஓட்டத்தின்போது அந்த ஆலையில் இரண்டு கம்ப்ரெசர்கள் இயங்கும். ஆகவே "உங்கள் ஆலையில் காற்றில் 32 சதவீதம் வீணாகிறது" என்று நான் எழுதியது சரியாகப் பார்த்தால் தவறு. முதல் வரியிலேயே தவறு.

அடுத்தது பணக் கணக்கு. அது 75 கிலோவாட் ஸ்க்ரூ கம்ப்ரெசர். லோடில் இருக்கும்போது மீட்டரில் 82 கிலோவாட் காட்டியது. கசிவை 32-லிருந்து 10 சதவீதத்துக்குக் குறைக்கலாம் என்பது எங்கள் அனுபவம். அதற்கும் கீழே கொண்டுவந்து அங்கேயே நிறுத்திவைப்பது பழைய ஆலைகளில் கடினம். ஆக மிச்சமாவது 22 சதவீதம். 82 கிலோவாட்டில் 22 சதவீதத்தை எடுத்து ஆண்டுக்கு 8,400 மணி நேரத்தாலும் யூனிட்டுக்கு ஏழரை ரூபாயாலும் பெருக்கினால் 11.4 லட்சம் வருகிறது. பிரசன்டேஷனில் அப்படித்தான் போட்டிருந்தோம்.

இதில் ஓட்டை இருக்கிறது. கசிவு குறைந்ததும் அந்தக் கம்ப்ரெசர் நின்றுவிடாது. அன்லோடில் சும்மா சுற்றும், அப்படிச் சுற்றும்போதும் மின்சாரம் குடிக்கும். அந்த இயந்திரம் அன்லோடில் 25 கிலோவாட் எடுத்தது. எனவே மிச்சமாவது 82 அல்ல, 82-க்கும் 25-க்கும் உள்ள வித்தியாசமான 57. அதில் 22 சதவீதம் பன்னிரண்டரை கிலோவாட். ஆண்டுக்கு ஏறத்தாழ 1.05 லட்சம் யூனிட், ரூபாயில் 7.9 லட்சம். வேகத்தை மாற்றிக்கொள்ளும் வகைக் கம்ப்ரெசராக இருந்திருந்தால் முதல் கணக்கு ஓரளவு பொருந்தியிருக்கும். இது அந்த வகை அல்ல.

எங்கள் விற்பனைத் தலைவருக்கு இது பிடிக்கவில்லை. "மூன்றரை லட்சத்தை நாமே ஏன் குறைத்துக்கொள்ள வேண்டும்?" என்றார். நேரில் விற்கும்போது அவர் கேள்விக்கு ஓரளவு நியாயம் உண்டு. யாராவது மடக்கினால் பக்கத்தில் நின்று விளக்க நான் இருப்பேன். எழுதி அனுப்பிய குறிப்பின் பக்கத்தில் நான் இல்லை. அந்தக் கணக்கை யார் மடக்கினாலும் மாட்டிக்கொள்வது பராமரிப்பு மேலாளர். அவர் மின் பொறியாளர். அன்லோடில் மின்சாரம் போவது அவருக்குத் தெரியாதா என்று எம்.டி. நினைத்தால், அந்தக் குறிப்பு போகட்டும், அவர் அடுத்துக் கேட்கும் எதற்கும் ஆலையில் மதிப்பிருக்காது. "35 சதவீதம் வரை" என்பதும் போயிற்று. அது எங்கள் எல்லாப் பிரசன்டேஷன்களிலும் இருக்கும் பொதுவான எண். அந்த ஆலையில் அளந்தது அல்ல.

மூன்றாவது, காற்றழுத்தக் குறைப்பு. அழுத்தத்தைக் குறைத்தால் மின்சாரம் மிச்சமாகும் என்பதில் சந்தேகமில்லை. 7 பார் அழுத்தத்துக்குப் பக்கத்தில் ஓடும் அமைப்பில் ஒரு பார் குறைத்தால் தோராயமாக ஆறேழு சதவீதம் குறையும். பத்தொன்பதாம் ஸ்லைடில் ஒரு மூலையில் அதைப் போட்டிருந்தோம். அது பெரிய விஷயமாக எனக்குப் படவில்லை. மேலாளர் சிரித்தார். "உற்பத்தி மேலாளருக்கு இந்த ஒரு சொல் போதும். ஆட்டோகோனரில் பிணைப்பு சரியாக விழவில்லை என்று இப்போதே மாதம் ஒருமுறை என்னோடு சண்டை. அழுத்தத்தைக் குறைக்கப் போகிறார்கள் என்று படித்தால் மற்ற எதையும் அவர் படிக்க மாட்டார்."

குறிப்பிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றேன். "ஸ்லைடில் இருக்குமே?" என்றார். அதுவும் சரிதான். குறிப்பில் ஒன்றும் இணைப்பில் வேறொன்றும் இருந்தால், மறைத்து அனுப்பினார் என்ற பெயர் அவருக்குத்தான் வரும். ஆகவே அழுத்தக் குறைப்பைக் கொட்டேஷனிலிருந்தே நீக்கினோம். அதற்கான கட்டணமும் குறைந்து மொத்தத் தொகை 4.6 லட்சமாகியது. பத்து வரிக் குறிப்புக்காக விற்கும் பொருளையே மாற்ற வேண்டியிருக்கும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆனால் சுருக்கி எழுதினால்தான் எது அவசியம், எது நாமாகச் சேர்த்த ஒட்டு என்பது தெரிகிறது.

இரண்டாவதாக எழுதியது இது. இதுவும் ஆங்கிலத்தில் போனதுதான்.

"பொருள்: காற்றுக் கசிவுச் சீரமைப்பு – 20-ஆம் தேதிக் கூட்டத்தில் ஒப்புதல் வேண்டி

ஐயா, கம்ப்ரெசர் மின்செலவு ஏறிவருவதால் தீபாவளி விடுமுறையில் நம் பராமரிப்புப் பிரிவு கசிவை அளந்தது. இரண்டு ஆண்டுகளில் புதிய ஆட்டோகோனர்களோடு குழாய் இணைப்புகளும் கூடியுள்ளன. இப்போது ஒரு கம்ப்ரெசரின் கொள்ளளவில் 32 சதவீதம் கசிவுக்குப் போகிறது.

இதை 10 சதவீதமாகக் குறைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.05 லட்சம் யூனிட், அதாவது 7.9 லட்சம் ரூபாய் மிச்சமாகும். செலவு 4.6 லட்சம், வரி தனி. ஏழு மாதத்தில் போட்ட பணம் திரும்பும். கசிவு மறுபடி வரக்கூடியது என்பதால் ஓராண்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வும் இதில் அடங்கும்.

காற்றழுத்தம் மாறாது. உற்பத்தி நிற்காது. ஒவ்வொரு இயந்திரமும் வழக்கமான பராமரிப்புக்கு நிற்கும்போது மட்டும் வேலை நடக்கும். முடிந்தபின் இதே முறையில் நாமே மறுபடி அளப்போம். 15 சதவீதத்துக்குக் கீழே வராவிட்டால் கடைசித் தவணை தர வேண்டியதில்லை.

கணக்கு விவரம் இரண்டு பக்க இணைப்பில் உள்ளது."

எங்கள் நிறுவனத்தின் பெயர் இதில் எங்கும் இல்லை. இணைப்பின் அடியில் மட்டும் இருக்கும். "எங்கள்", "வழங்குகிறோம்" என்பவை போய் "நம்", "நாமே" வந்தன. இதை வெறும் சொல் மாற்றம் என்று நினைத்து, பழைய குறிப்பில் "எங்கள்" என்ற இடத்திலெல்லாம் "நம்" போட்டால் கேலிக்கூத்தாகிவிடும். "நம் நவீன மீயொலித் தொழில்நுட்பம்" என்று எந்தப் பராமரிப்பு மேலாளர் எழுதுவார்? ஆலைக்குள் இருக்கும் ஒருவருக்கு இதில் எது தெரிந்திருக்கும், எது கவலை, எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதிலிருந்து வரிகள் வர வேண்டும். மீயொலி அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. உற்பத்தி நிற்குமா என்பதுதான் பொருட்டு.

கடைசித் தவணை பற்றிய வரி எளிதில் வந்ததல்ல. 10 சதவீதத்தையே நிபந்தனையாக வைக்க எங்கள் பக்கம் யாரும் ஒப்பவில்லை. 15 என்று முடிந்தது. 10 எதிர்பார்ப்பு, 15 உத்தரவாதம் என்று இரண்டு எண் இருப்பது குழப்பாதா என்று தயங்கினேன். மேலாளர்தான் இருக்கட்டும் என்றார். "இரண்டும் ஒன்றாக இருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்."

எழுதி முடித்ததும் அவரிடம் ஒன்று கேட்டேன்: இதில் ஒரு வரியையாவது உங்கள் கையால் மாற்றுங்கள். மரியாதைக்குச் சொன்னதல்ல. என் ஆங்கிலமும் அவர் ஆங்கிலமும் ஒன்றல்ல, அவர் எம்.டி.க்கு எழுதும் தோரணை எனக்குத் தெரியாது. அவர் இரண்டு இடத்தில் கைவைத்தார். நான் எழுதிய ஒரு நீண்ட வாக்கியத்தை மூன்றாக உடைத்தார். "ஏழு மாதத்தில் பணம் திரும்பும்" என்பதற்குப் பின்னால் "என் கணக்குப்படி" என்று சேர்த்தார். அந்த இரண்டு சொல்லைப் பார்த்தபோதுதான் குறிப்பு இனி என்னுடையதல்ல என்று நிம்மதியாக இருந்தது. ஒரு சொல்லும் மாற்றாமல் "சூப்பர், அனுப்பிவிடுகிறேன்" என்று ஒருவர் சொன்னால் இப்போதெல்லாம் எனக்குக் கவலை வருகிறது. பெரும்பாலும் அவர் படித்திருக்க மாட்டார், அல்லது அனுப்ப மாட்டார்.

அனுப்பும் விதத்திலும் கொஞ்சம் சூதானம் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு வாடிக்கையாளரிடம் நான் பட்ட அவமானம் இன்னும் மறக்கவில்லை. குறிப்பைப் பழைய மின்னஞ்சல் ஒன்றுக்கு மறுமொழியாக எழுதி அனுப்பினேன். அவர் அப்படியே மேலே தள்ளினார். குறிப்புக்குக் கீழே எங்கள் பழைய உரையாடல் முழுவதும் வால்போல் தொங்கியது. அதில் "வற்புறுத்தினால் இன்னும் ஐந்து சதவீதம் குறைக்கலாம்" என்று எங்கள் அலுவலகத்துக்குள் எழுதிக்கொண்டதும் இருந்தது. அவர்களுடைய கொள்முதல் பிரிவு முதல் வேலையாக வற்புறுத்தியது. அன்றிலிருந்து குறிப்பு எப்போதும் புதிய மின்னஞ்சலில், கீழே ஒன்றும் இல்லாமல், அதுவும் தனியாகவே போகும். "சார், கீழே உள்ளதை அனுப்பவும்" என்ற முன்னுரைகூட அதில் கிடையாது. அதைத் தொலைபேசியில் சொல்லிக்கொள்ளலாம். அவசரத்தில் அனுப்புகிறவர் முன்னுரையை நீக்குவார் என்று எதிர்பார்ப்பது மடமை.

எம்.டி. கைப்பேசியில்தான் படிப்பார் என்று தெரிந்ததால் அட்டவணை, தடித்த எழுத்து, நிறம் எதுவும் வைக்கவில்லை. இரண்டு கை மாறிய பிறகு அட்டவணை எந்தக் கோலத்தில் போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் என் செய்தியைத் தள்ளிவிடாமல் நகலெடுத்து ஒட்டச் சொல்வேன். தள்ளினால் மேலேயே "Forwarded" என்று வந்துவிடும். யாரோ எழுதியது என்று முதல் பார்வையிலேயே அடையாளம் குத்தியது போல.

இணைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் முறை நான் அனுப்பிய பிரசன்டேஷன் 22 எம்பி. மின்னஞ்சலில் ஏறும்போது இணைப்பின் எடை மூன்றில் ஒரு பங்கு கூடும். அந்த ஆலையின் சர்வரோ பத்து எம்பிக்கு மேல் எதையும் விடாது. அனுப்ப நினைத்திருந்தாலும் அவரால் அனுப்பியிருக்க முடியாது. அதோடு ஸ்லைடு கோப்பை அப்படியே கொடுத்தால் ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் நாம் பேசுவதற்காக எழுதிவைத்த குறிப்புகளும் சேர்ந்து போகும். நான் திறந்து பார்த்தபோது ஒன்றில் "இங்கே விலையைப் பற்றிக் கேட்பார்கள், பேச்சை மாற்று" என்று இருந்தது. நல்ல வேளை. இரண்டாம் முறை நாற்பத்தொரு ஸ்லைடிலிருந்து அளவீட்டையும் பணக் கணக்கையும் மட்டும் எடுத்து இரண்டு பக்க பிடிஎஃப் ஆக்கினேன். கோப்பின் பெயரிலிருந்து எங்கள் உள்வழக்கான `Final_v7`-ஐ எடுத்துவிட்டு, ஆலைக்காரர்கள் தேடினால் கிடைக்கும்படி கசிவு என்ற சொல்லும் மாதமும் வரப் பெயர் வைத்தேன்.

மேலாளருக்கு மட்டும் தனியாக ஒரு தாள் கொடுத்தேன். மின்னஞ்சலில் அல்ல, காகிதத்தில் எழுதி நேரில். யார் என்ன கேட்பார்கள், என்ன சொல்லலாம் என்று நான்கு கேள்விகள். 8,400 மணி எங்கிருந்து வந்தது. 82 ஏன் இல்லை, 57 ஏன். சொன்னபடி குறையாவிட்டால் என்ன ஆகும். நம் ஆட்களே இதைச் செய்ய முடியாதா. இதில் நான்காவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. முடியும் என்பதுதான் உண்மையான பதில். கருவி வாங்கி, ஓர் ஆளைப் பயிற்றுவித்து, அவரை வேறு வேலைக்கு இழுக்காமல் இருந்தால் முடியும். அப்படியேதான் எழுதிக் கொடுத்தேன்.

மேலாளர் ஒரு திங்கட்கிழமை காலையில் குறிப்பை அனுப்பினார். எம்.டி. அதைக் கணக்குப் பிரிவுத் தலைவருக்குத் தள்ளினார், "பார்க்கவும்" என்று ஒரே சொல்லோடு. பன்னிரண்டு நாள் கழித்து எனக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் அந்தக் கணக்குத் தலைவரேதான். "இந்த 8,400 மணி யார் கொடுத்தது?" என்றார். மேலாளர் கொடுத்தது, 350 நாள், நாளுக்கு 24 மணி என்றேன். "அவரும் அதைத்தான் சொன்னார். சரிபார்க்கத்தான் கேட்டேன்" என்று வைத்துவிட்டார். இரண்டு வாயிலிருந்தும் ஒரே பதில் வந்ததில் அவருக்குத் திருப்தி. அந்தத் தாள் இல்லாமலிருந்தால் நான் ஒன்று சொல்லி அவர் ஒன்று சொல்லியிருப்போம்.

உற்பத்தி மேலாளர் எதிர்ப்புச் சொல்லவில்லை. ஆதரவும் சொல்லவில்லை. கூட்டத்தில் "அழுத்தம் மாறாது என்று எழுத்தில் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டாராம். இருந்தது.

முழு ஒப்புதல் கிடைத்துவிடவில்லை. முதலில் ஒரு ஷெட், அதில் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து மற்றது என்றார்கள். ஜனவரியில் 2.1 லட்சத்துக்குப் பர்சேஸ் ஆர்டர் வந்தது. யாராவது அப்படிக் கேட்டால் பிரித்துக் கொடுக்க முடியுமா என்பதை நான் முன்பே யோசித்துக் குறிப்பில் ஒரு வரியாக வைத்திருக்க வேண்டும். வைக்காததால் ஷெட் வாரியாக விலை பிரித்துத் தர ஒரு வாரம் வீணானது. அந்த வாரத்தில் எம்.டி. வெளியூர் போய்விட, ஆர்டர் இன்னும் இரண்டு வாரம் தள்ளியது.

அடுத்த ஆடி மாதத்தில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் உடுமலைப்பேட்டைப் பக்கத்து ஆலை ஒன்றின் பொறியாளர், எனக்கு முன்பின் தெரியாதவர். அந்த ஆலையும் இந்த எம்.டி.யின் உறவினருடையது என்று பிறகு தெரிந்துகொண்டேன். "இந்த வேலைக்குக் கொட்டேஷன் தரவும்" என்று எழுதி, கீழே ஒரு குறிப்பை ஒட்டியிருந்தார். படிக்கத் தொடங்கியதும் அடையாளம் தெரிந்தது. என் வரிகள். நடுவே "என் கணக்குப்படி" என்பதும் அப்படியே இருந்தது. தேதியையும் கூட்டத்தையும் பற்றிய வரிகளை நீக்கியிருந்தார்கள். 32 சதவீதமும் 7.9 லட்சமும் அப்படியே நின்றன.

அவரை அழைத்து, உங்கள் ஆலையில் எப்போது அளந்தீர்கள் என்று கேட்டேன்.

"அளக்கவில்லையே. இதில்தான் 32 என்று போட்டிருக்கிறதே?"

எங்கே, எந்த நாளில், எந்தக் கம்ப்ரெசரில் அளந்தது என்று அந்த வரியிலேயே எழுதியிருந்தால் எண் இப்படி ஊர் விட்டு ஊர் போயிருக்காது. "தீபாவளி விடுமுறையில்" என்பது எந்தத் தீபாவளி என்றுகூட அதில் இல்லை. இப்போது எழுதும் குறிப்புகளில் ஆண்டு, ஷெட், கம்ப்ரெசரின் எண் மூன்றும் அந்த 32-க்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். வாக்கியம் கொஞ்சம் நீளும், நீளட்டும்.

கொட்டேஷன் அனுப்பவில்லை. அவர்கள் ஆலை அடுத்து எப்போது முழுதாக நிற்கும் என்று கேட்டேன். ஆயுத பூஜைக்கு என்றார். அன்று காலை ஸ்டாப்வாட்சோடு போனோம். அங்கே வந்தது 19 சதவீதம்.